ஆறு லட்சத்து இருபதாயிரம் ‘விற்பனை’: தங்கப் பத்திர நோட்டீஸுக்குப் பதில் எழுதிய கதை

குமரி மாவட்டத்தில் தங்கம் இல்லாத வீடு அபூர்வம். கல்யாணப் பேச்சே பவுனில் தொடங்கும், ரப்பர் நல்ல விலை போனால் ஒரு வளையல் வரும், வளைகுடாவிலிருந்து பையன் அனுப்பும் பணத்தில் பாதி நகைச்சீட்டுக்குப் போகும். அதனால் நாகர்கோவிலில் வரிக் கணக்கு பார்க்கும் என் மாதிரி ஆட்களுக்குத் தங்கம் பற்றிய நோட்டீஸ் புதிதல்ல. ஆனால் தக்கலைப் பக்கம் உள்ள ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவருக்கு 2025 பிற்பகுதியில் வந்த நோட்டீஸைக் கொஞ்சம் விரிவாக எழுதலாம் என்று தோன்றியது. அரசு கிராம் கணக்கில் வெளியிட்ட தங்கப் பத்திரத்தில் மாட்டக்கூடிய முக்கியமான இடங்கள் எல்லாமே அந்த ஒரே கேஸில் இருந்தன. டீச்சரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன், ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை மாற்றிவிட்டேன்.

டீச்சருக்கு 67 வயது. 2023-24 நிதியாண்டில் ஓய்வூதியம் 7,80,000, வங்கி வட்டி 40,000. நிலையான கழிவு 50,000 போக வரிக்குரிய வருமானம் 7,70,000, புதிய வரிமுறை. ரிட்டர்னை 2024 ஜூலையில் ஒரு பிரவுசிங் சென்டரில் ஐடிஆர்-1 படிவத்தில் போட்டிருக்கிறார்கள். ஓய்வூதியமும் வட்டியும் சரியாக இருந்தன, தங்கப் பத்திரம் பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்த ஆண்டின் ஐடிஆர்-1 படிவத்தில் மூலதன ஆதாயம் காட்ட இடமே கிடையாது. எனவே படிவத்தைத் தேர்ந்தெடுத்த நிமிடத்திலேயே அந்த விஷயம் விடுபட்டுப்போனது.

நோட்டீஸ் வருமான வரிச் சட்டத்தின் 133(6) பிரிவின் கீழ், மின் சரிபார்ப்புத் திட்டத்தில் வந்தது. சாராம்சம் இதுதான்: உங்கள் பான் எண்ணில் பத்திர விற்பனை 6,20,880 ரூபாய் பதிவாகியிருக்கிறது, ரிட்டர்னில் காணோம், விளக்கமும் ஆவணங்களும் தருக. இது வரி கேட்கும் நோட்டீஸ் அல்ல, தகவல் கேட்கும் நோட்டீஸ்தான். ஆனால் பதில் போடாமல் விட்டால் அது மறுமதிப்பீடு வரைக்கும் போகலாம்.

டீச்சர் போனில் கேட்ட முதல் கேள்வி எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. “சார், நான் எதையும் விக்கவே இல்லியே. அது தானா அக்கவுண்ட்ல வந்த பைசால்லா?”

பாதி உண்மை. மீதிப் பாதிதான் இந்தக் கேஸ்.

தொகையை இரண்டாக உடைத்தது

முதலில் நோட்டீஸில் இருந்த ஆவண அடையாள எண்ணை வருமான வரித் தளத்தில் போட்டு, நோட்டீஸ் நிஜமானதுதானா என்று பார்த்துக்கொண்டோம். வாட்ஸ்அப்பில் சுற்றும் போலிகள் நிறைய, இதைச் செய்யாமல் யாருக்கும் எதையும் அனுப்ப வேண்டாம். அப்புறம் ஆண்டுத் தகவல் அறிக்கையை, அதாவது எல்லோரும் ஏஐஎஸ் என்று சொல்வதை, இறக்கிப் பார்த்தோம். இரண்டு வரிகள் இருந்தன. 40 கிராம், 2,45,280 ரூபாய். 60 கிராம், 3,75,600 ரூபாய். இரண்டிலுமே வாங்கிய விலை பூஜ்யம், இரண்டுமே ‘குறுகிய கால’ சொத்து என்று குறித்திருந்தது.

இதை அப்படியே ஒத்துக்கொண்டால் என்ன ஆகும் என்று சும்மா ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 7,70,000 உடன் 6,20,880 சேர்ந்தால் 13,90,880. கூடுதல் வரி மட்டும், செஸ் உட்பட, ஒரு லட்சத்தைத் தொடுகிறது. இரண்டு பத்திரத்துக்கும் சேர்த்து டீச்சர் கையிலிருந்து போட்ட பணமே 4,27,400 தான்.

40 கிராம் வரிதான் டீச்சர் சொன்ன ‘தானா வந்த பைசா’. அரசு முதன்முதலில் 2015 நவம்பரில் வெளியிட்ட தங்கப் பத்திரம் அது, கிராம் 2,684 ரூபாய். எட்டு வருடம் முடிந்து 2023 நவம்பர் 30 அன்று முதிர்ந்தது. ரிசர்வ் வங்கி அன்றைக்கு அறிவித்த மீட்பு விலை கிராமுக்கு 6,132. நாற்பதால் பெருக்கினால் 2,45,280, ஏஐஎஸ்ஸில் இருக்கும் தொகை பைசா மாறாமல் வந்துவிடுகிறது. வங்கி பாஸ்புத்தகத்திலும் அதே தேதியில் அதே தொகை. பங்குச் சந்தையில் விற்றிருந்தால் இப்படி ரிசர்வ் வங்கி அறிவித்த விலையோடு அட்சரசுத்தமாகப் பொருந்தாது, தரகரின் ஒப்பந்தச் சீட்டு ஒன்றும் இருக்கும். இங்கே அந்தச் சீட்டு கிடையாது. பத்திரங்களை மின்னணுவாக வைத்திருக்கும் டீமேட் கணக்கின் அறிக்கையிலும் அந்தப் பத்திரம் ‘மீட்பு’ என்ற காரணத்தோடுதான் கழிந்திருந்தது.

இந்த வித்தியாசத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்றால், 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 47(viic) பிரிவு, அந்த வருடத்துக்குப் பொருந்தும்படி, தனிநபர் தங்கப் பத்திரத்தை ரிசர்வ் வங்கியிடம் மீட்டுக்கொள்வதைச் சொத்து மாற்றமாகவே கருதவில்லை. மாற்றம் இல்லை என்றால் ஆதாயமும் இல்லை. ஆக 1,37,920 ரூபாய் லாபம் முழுக்க வரிக்கு வெளியே. இதே பத்திரத்தை டீச்சர் ஒரு மாதம் முன்னால் சந்தையில் விற்றிருந்தால் இந்தப் பிரிவு கைகொடுத்திருக்காது. பலருக்கு ‘தங்கப் பத்திரத்துக்கு வரி இல்லை’ என்று மட்டும் தெரிகிறது, அது மீட்புக்கு மட்டும்தான் என்பது தெரிவதில்லை.

60 கிராமும் டீமேட் தேதியும்

60 கிராம் நிஜமாகவே விற்பனை. 2020-21 ஐந்தாம் வரிசை, 2020 ஆகஸ்ட் 11 அன்று வெளியானது, கிராம் 5,334 ரூபாய். ஆன்லைனில் விண்ணப்பித்துப் பணம் கட்டியவர்களுக்கு ஐம்பது ரூபாய் தள்ளுபடி இருந்தது, டீச்சர் வங்கிக் கிளைக்கு நேரில் போய்ப் படிவம் கொடுத்தவர், அதனால் முழு விலை. மொத்தம் 3,20,040. பையன் ஊருக்கு வந்தபோது வீட்டு மராமத்துக்காக 2024 பிப்ரவரியில் ஒரு தரகு ஆப் மூலம் கிராம் 6,260-க்கு விற்றிருக்கிறார்.

அப்படியானால் மூன்றரை வருடம் கையில் இருந்த பத்திரத்தை ஏஐஎஸ் ஏன் குறுகிய காலம் என்கிறது?

டீமேட் அறிக்கையை வரி வரியாகப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. டீச்சர் வாங்கியது டீமேட்டில் அல்ல, வங்கி கொடுத்த காகிதச் சான்றிதழாக. 2023 ஜூலையில்தான் பையன் டீமேட் கணக்கு திறந்து இரண்டு பத்திரத்தையும் அதற்குள் மாற்றியிருக்கிறான். டீமேட் கணக்கைப் பொறுத்தவரை அந்த அறுபது கிராமும் 2023 ஜூலையில் பிறந்த குழந்தை, அதற்கு முன்னால் யார் எவ்வளவு கொடுத்து வாங்கினார்கள் என்பது அதற்குத் தெரியாது. ஆகவே விலை பூஜ்யம், காலம் ஏழு மாதம். பட்டியலிடப்பட்ட பத்திரத்துக்குப் பன்னிரண்டு மாதம் தாண்டினால்தான் நீண்ட காலம். காகிதத்திலிருந்து டீமேட்டுக்கு மாறிய எந்தப் பத்திரத்தை விற்றாலும் ஏஐஎஸ்ஸில் இந்தக் கோளாறு வருகிறதா என்று முதலில் பாருங்கள்.

இதை உடைக்க ஒரே ஆயுதம் வங்கி கொடுத்த பழைய பத்திரச் சான்றிதழ். அதில் வெளியீட்டுத் தேதி, வரிசை, கிராம், கிராமுக்கு என்ன விலை எல்லாம் அச்சாகியிருக்கும். டீமேட்டுக்கு மாற்றும்போது அசல் போய்விடும், நகல் எடுத்து வைத்தவர்கள் புத்திசாலிகள். டீச்சரிடம் நகல் இருந்தது, பள்ளிக்கூடத்துப் பழைய ஃபைல் ஒன்றில், ஓய்வூதிய ஆணைக்குப் பின்னால் குத்திவைத்திருந்தார். இல்லாதவர்கள் வாங்கிய வங்கிக் கிளையில் எழுத்தில் கேட்கலாம், விண்ணப்பப் பதிவு அவர்களிடம் இருக்கும். இரண்டாவது சாட்சி 2020 ஆகஸ்ட் மாத வங்கி அறிக்கை. அதில் 3,20,040 பற்று, அதற்கு நான்கு நாள் முன்னால் ஒரு நிரந்தர வைப்பு முடிந்து வரவு. இதையும் சேர்த்தே இணைத்தோம். வாங்கிய விலையை நிரூபித்த கையோடு, ‘அப்படியானால் அந்த மூன்று லட்சம் எங்கிருந்து வந்தது’ என்ற அடுத்த கேள்விக்கும் அதே பக்கம் பதில் சொல்லிவிடுகிறது.

வரிக் கணக்கு எப்படி வந்தது என்றால், தரகை விட்டுவிட்டுப் பார்த்தால் விற்பனை 3,75,600, வாங்கியது 3,20,040, லாபம் 55,560. அந்த ஆண்டுச் சட்டப்படி பட்டியலிட்ட பத்திரத்துக்கு இரண்டு வழி: பணவீக்கச் சரிக்கட்டல் இல்லாமல் 10 சதவீதம், அல்லது சரிக்கட்டலோடு 20 சதவீதம், எது குறைவோ அது. சாதாரணக் கடன் பத்திரங்களுக்குச் சரிக்கட்டல் கிடையாது, ஆனால் தங்கப் பத்திரத்துக்குச் சட்டம் தனியாக அனுமதி கொடுத்திருந்தது. இது நிறைய பேர் கோட்டைவிடும் இடம். முதல் வழியில் வரி 5,556. இரண்டாவது வழியில், 2020-21 பணவீக்கக் குறியீடு 301, 2023-24 குறியீடு 348, எனவே வாங்கிய விலை 3,70,013 ஆக உயர்கிறது, லாபம் வெறும் 5,587, வரி 1,117. இதே விற்பனை 2024 ஜூலை 23-க்குப் பிறகு நடந்திருந்தால் சரிக்கட்டல் இல்லாமல் நேராக 12.5 சதவீதம், 6,945 ரூபாய் கட்ட வேண்டியிருந்திருக்கும்.

நோட்டீஸில் இல்லாத இரண்டு விஷயம்

பதிலோடு வங்கி அறிக்கை இணைக்கிறோம் என்றால் அதில் உள்ள எல்லா வரியும் படிக்கப்படும் என்று வைத்துக்கொள்ள வேண்டும். அதனால் அனுப்புவதற்கு முன் நானே ஒருமுறை அதிகாரி கண்ணோடு படிப்பது வழக்கம்.

முதலாவது, பத்திர வட்டி. அரை வருடத்துக்கு ஒருமுறை சின்னச் சின்னத் தொகையாக வந்திருந்தது. முதல் பத்திரத்துக்கு 2.75 சதவீதம், இரண்டாவதுக்கு 2.5 சதவீதம், இரண்டும் சேர்த்து அந்த வருடம் 10,953. இதில் டிடிஎஸ் பிடிப்பதில்லை, அதனாலேயே வரி இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். வட்டிக்கு முழுக்க வரி உண்டு. பத்திரத்தை மீட்டதற்கு விலக்கு கிடைக்கும் வருடத்திலும் வட்டிக்குக் கிடையாது.

இரண்டாவது, 2023 டிசம்பரில் ஒரு நகைக்கடையிலிருந்து 67,830 ரூபாய் வரவு. இது என்ன டீச்சர் என்றேன். “அது சீட்டுல எடுத்த மாலை சார், பேத்திக்குப் பிடிக்கல்ல, அதே கடையிலேயே திருப்பிக் கொடுத்தாச்சு” என்றார். நோட்டீஸ் இதைக் கேட்கவே இல்லை. விட்டுவிடலாமே என்று பையன் வளைகுடாவிலிருந்து போனில் சொன்னான். ஆனால் நாமே கொடுக்கும் காகிதத்தில் அந்த வரி இருக்கும்போது, அதற்கு விளக்கம் இல்லாமல் அனுப்புவது அடுத்த நோட்டீஸை நாமே கூப்பிடுவது மாதிரிதான். வீட்டில் போட்டுக்கொள்ளும் நகைதானே என்றால், சட்டம் சொந்த உபயோகப் பொருட்களுக்குத் தரும் விலக்கிலிருந்து நகையைத் தனியாக வெளியே எடுத்து வைத்திருக்கிறது.

நகைச்சீட்டில் வரும் சிக்கல் தேதியில்தான். டீச்சர் 2020 டிசம்பரிலிருந்து மாதம் 5,000 வீதம் பதினோரு மாதம் கட்டினார். கடைகள் பதினோரு மாதத்தில் சீட்டை முடிப்பதற்குக் காரணம், பொருளுக்காக வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கொடுத்துவிடாவிட்டால் அது கம்பெனிச் சட்டத்தில் வைப்புத்தொகையாகிவிடும் என்பது. ஆக சீட்டு ஓடும்வரை கடையில் இருப்பது முன்பணம், நகை அல்ல. வைத்திருந்த காலம் முதல் தவணையிலிருந்து ஓடாது, 2021 நவம்பரில் பில் போட்ட நாளிலிருந்துதான் ஓடும். அங்கிருந்து விற்ற நாள் வரை 25 மாதம். அப்போதைய விதிப்படி நகைக்கு 36 மாதம் தாண்ட வேண்டும், ஆகவே குறுகிய காலம், அவர் வரி விகிதத்திலேயே வரி. முதல் தவணைத் தேதியிலிருந்து எண்ணினால் கிட்டத்தட்ட 36 மாதம் வந்துவிடும், இப்படி எல்லையில் நிற்கும் கேஸ்களில் இது பெரிய வித்தியாசமாகிவிடும். இப்போது அந்த எல்லை 24 மாதம்.

அந்தப் பில்லைத் தேடி எடுத்தால், வெப்பத்தாளில் அடித்தது, கடையின் பெயர் மட்டும் மங்கலாகத் தெரிகிறது, எடையும் தொகையும் போய் வெறும் வெள்ளைத் தாள். மார்த்தாண்டத்தில் உள்ள கடைக்குச் சீட்டு அட்டையோடு டீச்சரே போனார். அட்டையில் சீட்டு எண் இருந்ததால் கணினியிலிருந்து பில்லின் மறுபிரதி எடுத்து முத்திரை போட்டுக் கொடுத்தார்கள். அதில் 12 கிராம், கிராம் 4,560, சேதாரம் சீட்டுச் சலுகையில் தள்ளுபடி, ஜிஎஸ்டி 3 சதவீதம் சேர்த்து 56,362. சீட்டுப் பணம் 55,000 போக மீதி 1,362 கையிலிருந்து. கட்டிய ஜிஎஸ்டியும் வாங்கிய விலையில் சேரும். சேதாரத்துக்குத் தனியாகப் பணம் கொடுத்திருந்தால் அதுவும் சேர்ந்திருக்கும், தள்ளுபடி ஆனதைச் சேர்க்க முடியாது, கொடுத்ததுதான் விலை. திருப்பிக் கொடுத்தபோது கடை 11.900 கிராம் எடை போட்டு கிராமுக்கு 5,700 கொடுத்தது. ஆதாயம் 11,468.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். டீச்சர் இந்த மாலையைப் பணமாக வாங்காமல் வேறு நகையாக மாற்றியிருந்தாலும் இதே கணக்குதான், பழையதைக் கொடுத்துப் புதியது எடுப்பதும் விற்பனையே. நம் ஊரில் இதை யாரும் விற்பனையாக நினைப்பதில்லை.

பதில் எப்படிப் போனது

பதில் கடிதம் ஒரே பக்கம். நிறைய பேர் சட்டப் பிரிவுகளை அடுக்கி ஆறு பக்கம் எழுதுகிறார்கள், அதை மறுமுனையில் படிப்பவர் நம் முகம் தெரியாத ஒரு அதிகாரி, அவருக்கு வேண்டியது தொகை எந்தக் காகிதத்தோடு பொருந்துகிறது என்பது மட்டும். கடிதத்தின் நடுப்பகுதியைத் தமிழில் சொன்னால் இப்படி இருந்தது:

“தகவலில் உள்ள 6,20,880 ரூபாயில் 2,45,280 ரூபாய் 30.11.2023 அன்று முதிர்ந்த தங்கப் பத்திரத்தின் மீட்புத் தொகை (40 கிராம், கிராம் 6,132 ரூபாய், இணைப்பு 1 முதல் 3). இது 47(viic) பிரிவின்படி சொத்து மாற்றம் அல்ல. மீதி 3,75,600 ரூபாய் விற்பனை. வாங்கிய தேதி 11.08.2020, வாங்கிய விலை 3,20,040 ரூபாய் (இணைப்பு 4, 5). டீமேட் அறிக்கையில் காணப்படும் 2023 ஜூலை தேதி காகிதச் சான்றிதழை டீமேட்டாக மாற்றிய தேதி மட்டுமே (இணைப்பு 6). இந்த ஆதாயமும், பத்திர வட்டியும், ஒரு நகை விற்பனையின் ஆதாயமும் ரிட்டர்னில் விடுபட்டுள்ளன. புதுப்பிக்கப்பட்ட ரிட்டர்ன் தாக்கல் செய்து வரி செலுத்தப்படுகிறது.”

இணைப்புகளில் ரிசர்வ் வங்கியின் மீட்பு விலை அறிவிப்பு, இரண்டு பத்திரச் சான்றிதழின் நகல், மூன்று காலகட்டத்து வங்கி அறிக்கை, ஒப்பந்தச் சீட்டு, டீமேட் மாற்றம் தெரியும் அறிக்கைப் பக்கம், சீட்டு அட்டை, பில்லின் மறுபிரதி, கடை திருப்பி வாங்கிய ரசீது. வங்கி அறிக்கையில் சம்பந்தப்பட்ட வரியை மட்டும் கட்டம் போட்டுக் காட்டினோம், மற்றதை அழிக்கவோ மறைக்கவோ இல்லை, பக்கத்தை வெட்டினால் சந்தேகம்தான் வரும். ஏஐஎஸ்ஸிலும் அந்த இரண்டு வரிக்கும் தனித்தனியாகத் திருத்தக் கருத்து பதிந்தோம், இல்லையென்றால் அந்தப் பூஜ்ய விலை அங்கேயே கிடக்கும்.

புதுப்பித்த ரிட்டர்னை ஐடிஆர்-2 படிவத்தில் போட்டோம். 40 கிராம் மீட்பு லாபத்தை விலக்கு வருமான அட்டவணையில் காட்டினேன், கட்டாயம் என்று சொல்ல மாட்டேன், பொருத்திப் பார்ப்பவருக்கு வசதி. கூடுதல் வரி: வட்டியும் நகை ஆதாயமும் சேர்த்து 22,421-க்கு 10 சதவீதம் 2,242, பத்திர ஆதாயத்துக்கு 1,117, நான்கு சதவீத செஸ்ஸோடு 3,493. அறுபது வயது தாண்டியவர், வியாபார வருமானம் இல்லை, எனவே முன்வரி கட்டும் கடமை இல்லை, அதற்கான வட்டியும் வரவில்லை. 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முடிந்து பன்னிரண்டு மாதத்துக்குள், அதாவது 2026 மார்ச் 31-க்குள், போடும் புதுப்பித்த ரிட்டர்னுக்கு அபராதம் போல 25 சதவீதம் கூடுதல், 873. மொத்தம் 4,366 ரூபாய். அதற்கு அடுத்த பன்னிரண்டு மாதத்தில் போட்டால் 25 என்பது 50 சதவீதமாகியிருக்கும்.

இந்த வழி திறந்திருந்ததற்குக் காரணம் வந்தது 133(6) நோட்டீஸ் என்பதுதான். அதுவே 143(2) ஆய்வு நோட்டீஸாக வந்திருந்தால், மதிப்பீடு நிலுவையில் இருக்கும் வருடத்துக்குப் புதுப்பித்த ரிட்டர்ன் போட முடியாது. அப்போது இதே கணக்கைப் பதிலில் சொல்லி, அதிகாரியின் ஆணைக்குக் காத்திருந்து, குறைத்துக் காட்டியதற்கு வரியில் 50 சதவீத அபராதத்தையும் எதிர்பார்க்க வேண்டியிருந்திருக்கும். அதனால் நோட்டீஸ் கையில் கிடைத்ததும் தொகையைப் பார்த்துப் பதறுவதற்கு முன்னால் அது எந்தப் பிரிவு என்று பாருங்கள்.

சில வாரம் கழித்து அதிகாரியிடமிருந்து ஒரே ஒரு துணைக் கேள்வி வந்தது: டீமேட்டுக்கு மாற்றிய பத்திரமும் சான்றிதழில் உள்ள பத்திரமும் ஒன்றுதான் என்பதற்கு என்ன ஆதாரம்? சான்றிதழில் உள்ள வரிசைப் பெயரையும் கிராமையும், டீமேட் அறிக்கையில் உள்ள ஐசின் என்ற பத்திர அடையாள எண்ணையும், வங்கி கொடுத்த மாற்ற விண்ணப்ப ஒப்புகையையும் ஒரே பக்கத்தில் வைத்து அனுப்பினோம். ஒப்புகை பையனின் மின்னஞ்சலில் இருந்தது. அதன் பிறகு தளத்தில் அந்தச் சரிபார்ப்பு முடிந்ததாகக் காட்டியது. டீச்சரிடம் இன்னொரு 20 கிராம் தங்கப் பத்திரம் காகிதமாகவே இருக்கிறது, அதை டீமேட்டுக்கு மாற்ற வேண்டாம், முதிரும்வரை அப்படியே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.